லேசாகப் படுவதும் நிறையப் போவதும்: கர்ப்பத்தின் முதல் வாரங்களில் எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

கேள்வி: கடைசியா பீரியட்ஸ் வந்து இன்னையோட 45 நாள் ஆச்சு. எனக்கு எப்பவும் 28, 29 நாள்ல சரியா வந்துடும். வீட்டுல டெஸ்ட் பண்ணினதுல ரெண்டு கோடு. முந்தாநாள்ல இருந்து பழுப்பு நிறத்துல லேசா படுது, பேட் நனையற அளவுக்கு எல்லாம் இல்ல. வலது பக்கம் அடிவயிறு விட்டு விட்டு வலிக்குது. ஸ்கேனுக்கு அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருக்காங்க. "கரு ஒட்டும்போது அப்படித்தான் படும், எழுந்திரிக்காம படுத்திரு"ன்னு அத்தை சொல்றாங்க. எவ்வளவு போனா பயப்படணும்? எவ்வளவு வரைக்கும் வீட்டுலயே இருக்கலாம்?

பதில்:

அடுத்த வாரம் வரை வைத்திருக்க வேண்டாம். இன்றைக்கு முடிந்தால் இன்றைக்கே, இல்லாவிட்டால் நாளைக் காலையில் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது தலை சுற்றினாலோ, கண் இருட்டினாலோ, தோள்பட்டை நுனியில் வலித்தாலோ, வயிற்று வலி திடீரென்று கூடினாலோ நாளை வரைகூடக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இதைச் சொன்னதும் பயந்துவிடாதீர்கள். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முதல் மூன்று மாதத்தில் ஏதோ ஓர் அளவில் ரத்தம் படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் தொடர்ந்து நல்லபடியாகவே போகிறது. நீங்களும் அந்தப் பக்கம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் சீக்கிரம் போகச் சொல்வதற்கு நீங்கள் எழுதியதில் உள்ள இரண்டு விஷயங்கள் காரணம். வலி ஒரே பக்கமாக இருக்கிறது. கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்பதை இதுவரை யாரும் பார்க்கவில்லை.

"எவ்வளவு போனால்" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் நிலைமையில் அது இரண்டாவது கேள்விதான். கரு எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. கரு கர்ப்பப்பைக்குள் இருந்தால், வெளியே போகிற ரத்தத்தின் அளவை வைத்து ஓரளவுக்கு முடிவெடுக்கலாம். கருக்குழாயில் தங்கிவிட்டிருந்தால் அந்த அளவு எதையும் காட்டாது. கீழே இரண்டு சொட்டுப் படும். வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் நிறைந்துகொண்டிருக்கும். வருகிறவர்களிடம் "எத்தனை பேட்?" என்று கேட்ட கையோடு "ஸ்கேன் பார்த்தாச்சா, கரு உள்ளேதானா?" என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

உங்கள் அத்தை சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கரு கர்ப்பப்பைச் சுவரில் பதியும் சமயத்தில் சிலருக்கு லேசாகப் படுவதுண்டு. ஆனால் அது கருத்தரித்து 10 முதல் 14 நாளுக்குள் நடக்கிற சமாச்சாரம். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மாதவிடாய் வர வேண்டிய தேதியை ஒட்டி, ஒன்றிரண்டு நாள் பட்டு நின்றுவிடும். உங்களுக்கு இது 45ஆம் நாள். சுழற்சி ஒழுங்காக வருகிறவர் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் கரு பதிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். இப்போது படுவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது வாரத்தில் படுவதற்கெல்லாம் "கரு ஒட்டுது" என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அதில்தான் நாள் கடந்துபோகிறது.

பழுப்பாக இருப்பதால் பயமில்லை என்பதும் அரைகுறை ஆறுதல்தான். பழுப்பு என்றால் அது வெளியே வர நேரம் எடுத்துக்கொண்ட பழைய ரத்தம். சிவப்பு என்றால் இப்போது கசிகிற புது ரத்தம். நிறம் சொல்வது அவ்வளவுதான். கருக்குழாய்க் கர்ப்பத்திலும் பெரும்பாலும் கரும்பழுப்பாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் படும்.

அப்படியானால் ஆபத்தில்லாமல் படுவது எது? அடிக்கடி பார்ப்பது கர்ப்பப்பை வாயிலிருந்து வருவது. கர்ப்ப காலத்தில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடிவிடும், தோல் மென்மையாகிவிடும், தொட்டாலே கசியும். உடலுறவு கொண்ட அன்றோ மறுநாளோ, மருத்துவர் உள் பரிசோதனை செய்த பிறகோ, பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேன் எடுத்த பிறகோ இரண்டு சொட்டுப் பட்டு, வலி எதுவும் இல்லாமல், ஓரிரு நாளில் நின்றுவிட்டால் பெரும்பாலும் இதுதான். கருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே சிறு சதை வளர்ச்சியோ தொற்றோ இருந்தாலும் இப்படிப் படலாம். அதை மருத்துவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்.

இன்னொன்று, கர்ப்பப்பைச் சுவருக்கும் கருவின் உறைக்கும் நடுவில் கொஞ்சம் ரத்தம் தேங்கிப்போவது. ஸ்கேனில் கருவைச் சுற்றியுள்ள பையின் ஓரமாகப் பிறை வடிவில் கறுப்பாகத் தெரியும். ரிப்போர்ட்டில் "சப்கோரியானிக் ஹெமடோமா" என்று எழுதியிருப்பார்கள். இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வருகிறவர்கள் நிறையப் பேர். சின்னதாக இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். அதுவரை விட்டு விட்டுப் படும். சில சமயம் நன்றாகச் சிவப்பாகவே ஒரு முறை போய்விட்டு, பிறகு நாள் கணக்கில் பழுப்பாக வரும். பெரிதாக இருந்தால் கரு கலையும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் இடைவெளி விட்டுத் திரும்ப ஸ்கேன் பார்ப்பார்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். கழிவறையில் பார்த்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் மலச்சிக்கலும் மூலமும் கைகோத்து வரும். சிறுநீர்த் தொற்றிலும் ரத்தம் கலந்து போகும். ஒரு வெள்ளை பேட் வைத்து, அதில் படுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கழிவறைத் தண்ணீரில் நாலு சொட்டு விழுந்தாலே தொட்டி முழுக்கச் சிவந்து பெருவாரியாகத் தெரியும் என்பதால், அதைப் பார்த்து அளவைக் கணிக்கவே கூடாது.

இப்போது கருக்குழாய்க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று இரண்டு இப்படிக் கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிவிடுகின்றன. அதில் மிகப் பெரும்பான்மை கருக்குழாயில்தான். குழாயின் சுவர் மெல்லியது, கர்ப்பப்பையைப்போல விரிந்து கொடுக்காது. கரு வளர வளர அது சுவரை அரித்துக்கொண்டு போகும். பெரும்பாலும் ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் குழாய் கசியவோ வெடிக்கவோ ஆரம்பிக்கும். அந்த ரத்தம் கீழே வர வழியில்லை, வயிற்றுக்குள் கொட்டும். கீழே லேசாகப் படுவது அந்த ரத்தம் அல்ல. கருவின் ஹார்மோன் சரியாகக் கூடாததால் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிர்ந்து வருவதுதான் அது. அதனால்தான் வெளியே படும் அளவுக்கும் உள்ளே நடப்பதற்கும் தொடர்பே இருப்பதில்லை.

உள்ளே ரத்தம் சேர்வதை உடம்பு வேறு வழிகளில் சொல்லும். முதலில் ஒரு பக்க வலி. பிறகு வயிறு முழுக்கப் பரவும். ரத்தம் இடுப்புக் குழியின் அடியில் தேங்கும்போது மலம் கழிக்க வேண்டும்போல முக்கல் வரும், உட்கார்ந்தால் வலிக்கும். கழிவறைக்குப் போன இடத்திலேயே மயங்கி விழுவார்கள். ரத்தம் மேலே ஏறி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் உதரவிதானத்தைத் தொட்டால் தோள்பட்டை நுனியில் வலிக்கும்; படுத்தால் அந்த வலி கூடும். கை, கழுத்தை எப்படி அசைத்தாலும் மாறாத தோள் வலி, கர்ப்பம் உறுதியான பெண்ணுக்கு வந்தால், அது வேறொன்று என்று தெரியும்வரை கருக்குழாய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இளம் பெண்களின் உடம்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ரத்த அழுத்தம் வெகுநேரம் சரியாகவே காட்டும், நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரே மூச்சில் சரிந்துவிடும். "பிபி நார்மல்தானே" என்று தெருமுனை கிளினிக்கில் வாயுவுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிவைக்கப்பட்டவர்கள், அன்று ராத்திரியே வெளிறிப்போய் ஆம்புலன்ஸில் வந்து இறங்குவது எங்கள் தொழிலில் யாருக்கும் புதிதல்ல. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண் வயிற்று வலியோ மயக்கமோ என்று வந்தால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

முன்பு ஒருமுறை கருக்குழாய்க் கர்ப்பம் ஆனவர்கள், குழாயில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், இடுப்புப் பகுதியில் தொற்றோ காசநோயோ வந்தவர்கள், குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக் கருத்தரித்தவர்கள், காப்பர்-டி இருக்கும்போதோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகோ கர்ப்பமானவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். ஆனால் இப்படி ஆகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதில் எதுவுமே இருக்காது. ஆகையால் "எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே" என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.

உங்கள் வலது பக்க வலிக்குச் சாதாரணக் காரணமும் உண்டு. இந்த மாதம் கருமுட்டை எந்தச் சினைப்பையிலிருந்து வந்ததோ, அங்கே ஒரு சின்ன நீர்க்கட்டி உருவாகி முதல் இரண்டு மூன்று மாதம் கர்ப்பத்துக்குத் தேவையான ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். அது இழுப்பதுபோல வலிக்கும். அந்த வலிக்கும் குழாய் வலிக்கும் வித்தியாசம் உங்களுக்கும் தெரியாது, கையை வைத்துப் பார்க்கிற எனக்கும் உறுதியாகத் தெரியாது. ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

நாளைக்கு நீங்கள் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, என்ன நடக்கும் என்று பார்ப்போம். 45ஆம் நாள் என்றால் 6 வாரம் 3 நாள். இந்தக் கட்டத்தில் வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்க்கிற ஸ்கேனில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். உள்வழி ஸ்கேன்தான் சரி. ரத்தம் படும்போது அதைச் செய்தால் கரு கலைந்துவிடும் என்ற பயம் வேண்டாம், அது கருவைத் தொடுவதே இல்லை. ஸ்கேன் சென்டரில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள், எடுத்துப் போங்கள். பாலினம் கேட்க மாட்டோம் என்று படிவத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். அது எல்லாருக்கும் உள்ள நடைமுறை.

கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தால் கர்ப்பப்பைக்குள் ஒரு பை, அதற்குள் மோதிரம்போன்ற வட்டமாக மஞ்சள்கருப் பை, அதன் பக்கத்தில் சில மில்லிமீட்டர் நீளத்தில் கரு, அதில் இதயத்துடிப்பு தெரிய வேண்டும். துடிப்பு தெரிந்துவிட்டால், ரத்தம் பட்டுக்கொண்டிருந்தாலும், பத்தில் ஒன்பது பேருக்குக் கர்ப்பம் தொடர்கிறது. கரு உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டதால் குழாய் பற்றிய கவலையும் ஏறக்குறைய முடிந்தது. உள்ளே ஒன்று, குழாயில் ஒன்று என்று இரண்டு இடத்தில் தங்குவது இயற்கையாகக் கருத்தரித்தவர்களுக்கு மிக மிக அபூர்வம். ஐவிஎஃப் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் அதையும் மனதில் வைத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது சாத்தியம், பை மட்டும் தெரிகிறது அல்லது கரு தெரிகிறது, துடிப்பு இல்லை. இங்கேதான் அவசரப்பட்டு முடிவெடுக்கிறார்கள். கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளிவந்திருந்தால் உங்கள் ஆறாவது வாரம் உண்மையில் ஐந்தாவது வாரமாக இருக்கும். அப்போது துடிப்பு தெரியாதது இயல்பு. கருவின் நீளம் 7 மில்லிமீட்டரைத் தொட்டும் துடிப்பு இல்லை என்றாலோ, பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரைத் தொட்டும் உள்ளே கருவே இல்லை என்றாலோதான் வளர்ச்சி நின்றுவிட்டது என்று ஒரே ஸ்கேனில் சொல்லலாம். அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். நீங்களும் அதிக ரத்தப்போக்கு இல்லாமல் நன்றாக இருந்து, அளவும் இதற்குக் கீழே இருந்தால், "இன்றைக்கே கிளீன் பண்ணிடலாம்" என்று யார் சொன்னாலும் இன்னொரு ஸ்கேன் கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, கர்ப்பப்பைக்குள் ஒன்றுமே தெரியவில்லை. குழாயில் ஒரு கட்டியும் வயிற்றுக்குள் ரத்தமும் தெரிந்தால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். அதுவும் தெரியாவிட்டால், கரு எங்கே என்று இன்னும் தெரியாத நிலை. அப்போது ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்த்து, 48 மணி நேரம் கழித்து அதே லேபில் திரும்பப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது முறையைத் தவிர்த்துவிட்டால் முதல் எண்ணுக்குப் பெரிய பலன் இல்லை.

உதாரணமாக முதல் நாள் 820 என்று வருகிறது. இரண்டு நாள் கழித்து 1,460. ஏறக்குறைய 78 சதவீதம் கூடியிருக்கிறது. கர்ப்பப்பைக்குள் நன்றாக வளரும் கர்ப்பத்தில், 1,500க்குக் கீழே ஆரம்பிக்கும் எண் 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதமாவது கூட வேண்டும். இது தாராளமாகக் கூடியிருக்கிறது. நாள் கணக்கு தள்ளிப்போன நல்ல கர்ப்பமாக இருக்கலாம். ஒரு வாரத்தில் ஸ்கேன் செய்தால் பை தெரியும். அதே 820, இரண்டு நாளில் 960தான் ஆகியிருக்கிறது என்றால் 17 சதவீதம். கூடுகிறது, ஆனால் மந்தமாக. கருக்குழாயை முதலில் நினைக்க வைப்பது இந்த மாதிரி எண்தான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள், தனியாக இருக்கக் கூடாது. 820 என்பது 390 ஆக இறங்கிவிட்டது என்றால் கரு தானாகக் கலைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் எண் பூஜ்யத்தை ஒட்டி வரும்வரை வாராவாரம் பார்க்க வேண்டும். இறங்குகிற எண்ணோடும் குழாய் வெடித்ததுண்டு.

குழாயில்தான் என்று தெரிந்தால், வெடிக்காமல், கருவில் துடிப்பில்லாமல், எச்.சி.ஜி. சில ஆயிரங்களுக்குள் இருந்து, கட்டியும் சின்னதாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டு ஆபரேஷன் இல்லாமலே கரைக்கப் பார்ப்பார்கள். போட்ட பிறகு 4ஆம் நாளும் 7ஆம் நாளும் எண்ணைப் பார்ப்பார்கள். இடையில் 15 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், அது ஊசியின் வேலையைக் கெடுக்கும். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி விடச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி. வெடித்துவிட்டால் நேராக ஆபரேஷன் தியேட்டர்தான். இந்தக் கர்ப்பத்தைக் காப்பாற்ற வழி கிடையாது, குழாயிலிருந்து எடுத்துக் கர்ப்பப்பையில் வைக்க முடியாது. வெடிக்கும் முன்னால் கண்டுபிடித்தால் பலருக்கு ஊசியோடு போய்விடும், ஆறு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வராது.

இந்த இடத்தில் இன்னொருவருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. கர்ப்பம் வேண்டாம் என்று மெடிக்கல் ஷாப்பில் கலைப்பு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் ஸ்கேன் பார்ப்பதில்லை. மாத்திரை கர்ப்பப்பையைத்தான் சுருங்க வைக்கும், குழாயில் உள்ள கருவை அது ஒன்றும் செய்யாது. ஆனால் உள்சவ்வு உதிர்ந்து ரத்தம் போகும். "போயிடுச்சு, கலைஞ்சிடுச்சு" என்று நிம்மதியாக இருப்பார்கள். பத்து நாள் கழித்து மயங்கி விழும்போது, முன்பு போன ரத்தத்தைக் காட்டி வீட்டில் எல்லாரும் கர்ப்பமே இல்லை என்று சாதிப்பார்கள்.

இனி, நீங்கள் கேட்ட அளவு. கரு உள்ளே இருப்பது ஸ்கேனில் தெரிந்த பிறகு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம். உள்ளாடையில் கறை, துடைக்கும்போது தெரிவது, நாள் முழுக்க ஒரே பேட் போதுமானதாக இருப்பது ஆகியவை லேசாகப் படுவது. இதற்கு மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, பகல் நேரத்தில் போய்க் காட்டினால் போதும். மாதவிடாய் நாளைப்போலப் போகிறது, கூடவே முதுகும் அடிவயிறும் பிடித்து இழுக்கிறது என்றால் அன்றே போக வேண்டும். ஒரு மணி நேரத்தில் பெரிய பேட் இரண்டு முழுசாக நனைகிறது, அடுத்த மணி நேரமும் அப்படியே போகிறது என்றால் அது அவசரம். ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி கட்டியாக வந்தாலும், எழுந்து நின்றால் கண் இருட்டினாலும் அப்படியே. பேட்டை மாற்றுகிற நேரத்தை ஃபோனில் குறித்து வையுங்கள். "நிறையப் போச்சு" என்பதைவிட "எட்டு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று" என்று சொன்னால் பார்க்கிறவர்களுக்கு உடனே புரியும். துணி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த நாட்களுக்கு மட்டும் பேட் வாங்கிக்கொள்ளுங்கள். டேம்பானும் கப்பும் வேண்டாம்.

அப்படி நிறையப் போவது பெரும்பாலும் கரு கலைவதுதான். வலி விட்டு விட்டு அலையாக வந்து, சதைபோல ஏதாவது வெளியே வந்தால் அதைச் சுத்தமான டப்பாவில் எடுத்துப் போங்கள். சங்கடமாக இருக்கும், ஆனால் கர்ப்பப்பைக்குள்தான் இருந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி இல்லை. முழுசாக வந்துவிட்டால் வலியும் போக்கும் சில மணி நேரத்தில் மட்டுப்படும், பிறகு ஒன்றிரண்டு வாரம் குறைந்துகொண்டே போய் நிற்கும். பாதி வந்து பாதி உள்ளே தங்கினால் போக்கு நிற்காது. சில சமயம் அந்தச் சதை கர்ப்பப்பை வாயிலேயே சிக்கிக்கொண்டு, போன ரத்தத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பிபி இறங்கி, நாடி மெலிந்து ஆள் துவண்டுவிடுவார். மருத்துவர் அதை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சல், துர்நாற்றம், அடிவயிற்று வலி வந்தால் உள்ளே தங்கியதில் தொற்று ஏறிவிட்டது என்று பொருள், அதுவும் அன்றே பார்க்க வேண்டிய விஷயம்.

முத்துப்பிள்ளை என்று சொல்வார்களே, அது அபூர்வம். கருவுக்குப் பதிலாக நஞ்சுக்கொடித் திசு கொத்துக் கொத்தாக நீர்க்குமிழிகளாய் வளர்ந்துவிடும். வாந்தி தாங்க முடியாது, நாள் கணக்கைவிட வயிறு பெரிதாக இருக்கும், ரத்தம் விட்டு விட்டுப் போகும். ஸ்கேனில் பார்த்தவுடன் தெரிந்துவிடும். எடுத்த பிறகும் மாதக் கணக்கில் எச்.சி.ஜி. பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

படுத்தே இருப்பதால் பலன் உண்டா என்றால், இல்லை. படுக்கை ஓய்வு கருக்கலைவைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று கிடையாது. கனம் தூக்க வேண்டாம், உடலுறவை ரத்தம் நிற்கும்வரை தள்ளிப்போடுங்கள். மற்றபடி எழுந்து நடமாடலாம். ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, உருவாகும்போதே குரோமோசோம் கணக்குத் தவறியவை. நீங்கள் பஸ்ஸில் போனதாலோ, குனிந்து பெருக்கியதாலோ, இரண்டு துண்டு பழுத்த பப்பாளி சாப்பிட்டதாலோ அது நடப்பதில்லை. இதை உங்கள் அத்தையிடமும் படித்துக் காட்டுங்கள், அவரும் பயத்தில்தான் சொல்கிறார்.

ரத்தம் பட்டதும் எழுதித் தரப்படும் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். இங்கிலாந்தில் நடந்த பிரிசம் என்ற பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. ரத்தம் படுகிற நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு 400 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு இரண்டு வேளை பிறப்புறுப்புக்குள் வைக்கக் கொடுத்தார்கள், மறு பாதிக்குப் போலி மாத்திரை. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. முன்பே கரு கலைந்தவர்களுக்கு, அதுவும் பலமுறை கலைந்தவர்களுக்கு, பலன் தெரிந்தது. ஆகவே உங்களுக்கு இது முதல் கர்ப்பம் என்றால் அந்த மாத்திரையால் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை. மருத்துவர் கொடுத்தால் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மாத்திரை ஆரம்பித்துவிட்டோம் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. குழாயில் இருக்கும் கருவை எந்த மாத்திரையும் இடம் மாற்றாது.

போகும்போது ரத்த வகை எழுதிய சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். நெகட்டிவ் வகையாக இருந்து, கணவர் பாசிட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். போடுவதானால் ரத்தம் போன 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்குள் லேசாகப் படுவதற்கு எல்லாருக்கும் போட வேண்டியதில்லை என்று சில நாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. குழாய்க் கர்ப்பத்துக்கு ஆபரேஷன் ஆனால் பொதுவாகப் போட்டுவிடுவார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்வழி ஸ்கேன் இருக்க வாய்ப்பு குறைவு. வலி கூடினால் அங்கே போய் நேரத்தைச் செலவழிக்காமல், தமிழ்நாட்டில் என்றால் சீமாங் சென்டர் என்ற பிரசவ அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ நேராகப் போங்கள். அங்கே இரவிலும் ஆபரேஷனும் ரத்தமும் கிடைக்கும். தனியாகப் போக வேண்டாம், வண்டியை நீங்களே ஓட்டவும் வேண்டாம். வலி பலமாக இருந்தால் கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். போனதும் வாசலிலேயே "45 நாள், டெஸ்ட் பாசிட்டிவ், ரத்தம் படுது, ஒரு பக்கம் வலி, இன்னும் ஸ்கேன் பார்க்கல" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.